எத்தனை மூடையை நிறுத்துப் பார்க்க வேண்டும்?

பெரும்போகத்துக்கான யூரியா லொறியில் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு மூடையிலும் ‘நிகர நிறை 50 கிலோ’ என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோன கமக்காரர் சிலர் மூடை குறைகிறது என்கிறார்கள். வியாபாரி அப்படி ஒன்றும் இல்லை என்கிறார். சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் தராசை எடுத்துவந்து நாலைந்து மூடைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒன்று 50 கிலோவுக்கு மேலே நிற்கிறது, ஒன்று கீழே நிற்கிறது. “பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை” என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டு எல்லோரும் கலைந்து போகிறார்கள்.

அந்தக் குறிப்பு எதைச் சொல்கிறது? நிறை சரியாக இருக்கிறது என்றா, அல்லது குறைவைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நாம் நிறுக்கவில்லை என்றா? இவ்விரண்டும் முற்றிலும் வேறு வேறான செய்திகள். ஐந்து மூடையை நிறுத்துவிட்டு எழுதும் குறிப்பு பெரும்பாலும் இரண்டாவதையே சொல்கிறது என்பதை இங்கே கணக்கோடு பார்ப்போம். 2021 மே மாதம் விதிக்கப்பட்ட இரசாயனப் பசளை இறக்குமதித் தடை அதே ஆண்டு நவம்பரில் நீங்கிய பின்னர், யூரியாவின் விலை பல மடங்காக ஏறியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூடைக்கு அரைக் கிலோ குறைந்தால் 480 மூடையில் 240 கிலோ போய்விடும். அது ஏறத்தாழ ஐந்து மூடை.

எத்தனை மூடையை நிறுப்பது என்று கேட்டால் நம்மவர்கள் சட்டென்று சொல்லும் பதில், ‘பத்துக்கு ஒன்று’ என்பதாகும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இந்த விதிப்படி 40 மூடை வந்தால் நாலு மூடையும், 1000 மூடை வந்தால் 100 மூடையும் நிறுக்க வேண்டிவரும். முதலாவது போதவே போதாது. இரண்டாவது வீண் கூலி. வந்த சரக்கு எவ்வளவு என்பது இந்தக் கேள்வியில் பெரும்பாலும் சம்பந்தப்படுவதே இல்லை. கறிக்கு உப்புப் பார்க்கிறவர் சிறு சட்டிக்கும் பெரிய கிடாரத்துக்கும் ஒரே அகப்பையைத்தான் பயன்படுத்துகிறார். நன்றாகக் கலக்கியிருந்தால் அதுவே போதும்.

அப்படியானால் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை எவை? நாம் நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, எவ்வளவு குறைந்தால் அது நமக்கு ஒரு பொருட்டு? மூடைக்கு 20 கிராம் குறைவதற்காக யாரும் வியாபாரியோடு வழக்காடப் போவதில்லை. ஒரு கிலோ குறைந்தால் சும்மா இருக்கவும் மாட்டோம். இடையில் ஓர் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கணிதம் நமக்குச் சொல்லித் தராது. கமக்காரர்கள் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டியது இது. நாம் இங்கே அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதாவது, மூடைகளின் உண்மையான சராசரி 49.5 கிலோவாக இருந்தால் நமது சோதனை அதைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது, மூடைக்கு மூடை நிறை எவ்வளவு வேறுபடுகிறது? எல்லா மூடைகளும் கிராம் பிசகாமல் ஒரே நிறையாக இருந்தால் ஒன்றை நிறுத்தாலே போதும். ஒன்று 49, மற்றது 51 என்று ஏறி இறங்கினால் பலவற்றை நிறுத்துத்தான் சராசரியை அறிய முடியும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவைத்தான் பாடசாலையில் நியம விலகல் என்று படிக்கிறோம். இதை முன்னரே அறிய வேண்டுமானால் போன போகத்து மூடைகள் சிலவற்றை நிறுத்துக் குறித்த கணக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்து மூடையை முன்னோடியாக நிறுத்துப் பார்க்கலாம். விஞ்ஞானக் கணிப்பான் ஒன்றில் அந்தப் பத்து எண்களையும் ஏற்றினால் விடை கிடைத்துவிடும். σₙ₋₁ என்று குறித்த விசையை அழுத்த வேண்டும். பக்கத்தில் உள்ள σₙ இந்தக் கணக்குக்கு உரியதல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பத்து மூடையிலிருந்து கிடைக்கும் நியம விலகல் ஒரு மதிப்பீடு மாத்திரமே. அது உண்மையிலும் சிறிதாக அமைந்துவிட்டால், நாம் போடும் கணக்கும் குறைந்த எண்ணிக்கையையே தரும். ஆகவே பத்து மூடையில் கிடைத்ததை 1.3 ஆல் பெருக்கிக்கொள்வது நல்ல வழக்கம். அப்படிச் செய்தால் ஐந்துக்கு நாலு தடவை நாம் உண்மையான ஏற்ற இறக்கத்துக்குக் குறையாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டவர்களாவோம். எடுத்துக்காட்டாக, முன்னோடி மூடைகளில் 0.62 கிலோ கிடைத்தது என்போம். 1.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.8 கிலோ. இதையே கணக்குக்கு எடுப்போம்.

மூன்றாவதும் நான்காவதும் நாம் செய்யக்கூடிய இரு தவறுகளைப் பற்றியவை. மூடைகள் உண்மையில் சரியாக இருக்கும்போது, தற்செயலாகச் சில குறைந்த மூடைகள் நம் கையில் அகப்பட்டு, நேர்மையான வியாபாரியின் மேல் நாம் பழி போட்டுவிடலாம். இதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது? நூற்றுக்கு ஐந்து என்பது வழக்கம். இதைப் பொருண்மை மட்டம் என்பர். மறுபுறத்தில், மூடைகள் உண்மையிலேயே அரைக் கிலோ குறைந்திருந்தும், தற்செயலாக நல்ல மூடைகள் அகப்பட்டு நாம் ஏமாறலாம். இந்தத் தவறு செய்யாமல் குறைவைப் பிடித்துவிடுகிற நிகழ்தகவையே சோதனையின் வலு என்கிறோம். வலு நூற்றுக்குத் தொண்ணூறு வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுப்போம்.

பொருண்மை மட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; வலுவைப் பலர் கேட்பதே இல்லை. இதனால் பாதிக்கப்படுபவர் எப்போதும் ஒரே பக்கத்தவர்தாம் என்பதைக் கவனியுங்கள். முதல் தவறு வியாபாரியைத் தாக்குகிறது, அதற்கு ஐந்து வீதம் என்று கடிவாளம் போட்டாயிற்று. இரண்டாவது தவறு கமக்காரனைத் தாக்குகிறது, அதற்கு யாரும் கடிவாளம் போடவில்லை. இவ்விரு தவறுகளையும் பிரித்துக் காட்டி, வலு என்ற எண்ணத்தை 1933 இல் தெளிவாக வகுத்தவர்கள் நெய்மன், எகொன் பியர்சன் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதிலும் அது எப்படி வருகிறது என்று பார்ப்பது இலகு.

ஒரு மூடையின் நிறை ஏறி இறங்கும் அளவு 0.8 கிலோ. பல மூடைகளின் சராசரி அவ்வளவு ஏறி இறங்காது, ஏனெனில் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சராசரியின் ஏற்ற இறக்கம் 0.8 ஐ மூடைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். இதை நியம வழு என்பர். 4 மூடை என்றால் 0.4; 16 மூடை என்றால் 0.2.

நாம் 50 கிலோவுக்குக் கீழே எங்கோ ஒரு கோடு கிழிக்க வேண்டும். நிறுத்த மூடைகளின் சராசரி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் ‘குறைகிறது’ என்று சொல்வோம். நேர்மையான வியாபாரி நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் அகப்படக் கூடாது என்றால், கோடு 50 இலிருந்து 1.645 நியம வழு கீழே இருக்க வேண்டும். அதே வேளை, உண்மைச் சராசரி 49.5 ஆக இருக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நாம் பிடித்துவிட வேண்டும் என்றால், அதே கோடு 49.5 இலிருந்து 1.282 நியம வழு மேலே இருக்க வேண்டும். 1.645, 1.282 இரண்டும் செவ்வன் பரம்பல் அட்டவணையிலிருந்து எடுத்தவை. 50 இலிருந்து கோடு வரையும், கோட்டிலிருந்து 49.5 வரையும் உள்ள இரு துண்டுகளும் சேர்ந்தால் அரைக் கிலோ. எனவே,

(1.645 + 1.282) × 0.8 ÷ √n = 0.5

இதில் n என்பது நாம் தேடும் மூடை எண்ணிக்கை. இடம் மாற்றி எழுதினால்,

n = [(1.645 + 1.282) × 0.8 ÷ 0.5]² = 21.9

அதாவது 22 மூடை. கோடு 49.72 கிலோவில் விழுகிறது.

இதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். 0.8 என்பதை நாம் உறுதியாக அறிந்ததுபோல மேலே கணக்குப் போட்டோம். உண்மையில் நிறுத்த மூடைகளிலிருந்தே நியம விலகலை மீண்டும் கணித்து, செவ்வன் அட்டவணைக்குப் பதிலாக ‘ரி’ அட்டவணையைப் பார்க்கப் போகிறோம். அதற்கு ஈடாக 1.645 இன் வர்க்கத்தில் பாதியை, அதாவது 1.35 ஐக் கூட்டிக்கொண்டால் போதும். 21.9 உடன் 1.35 ஐக் கூட்ட 23.3 வருகிறது, மேலே முழு எண்ணாக்கினால் 24 மூடை. எப்போதும் மேலேயே முழு எண்ணாக்க வேண்டும். இந்த ‘ரி’ அட்டவணைக்கு வழிவகுத்தவர் டப்ளின் நகரத்து கின்னஸ் மதுபானத் தொழிற்சாலையில் வேலை செய்த கொசெற் என்பவர். 1908 இல் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய தொல்லை அவருக்கும் இருந்தது.

இப்போது ஐந்து மூடைக் கதைக்குத் திரும்புவோம். ஐந்து மூடையின் நியம வழு 0.36 கிலோ. கோடு 50 இலிருந்து 0.59 கிலோ கீழே, 49.41 இல் விழுகிறது. உண்மைச் சராசரி 49.5 ஆக இருந்தால் கோடு அதற்கும் கீழே இருக்கிறது! மூடைகள் உள்ளபடியே அரைக் கிலோ குறைந்திருந்தாலும் இந்தச் சோதனை நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது தடவை மட்டுமே பிடிக்கும். ‘ரி’ அட்டவணையைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற குறிப்பு எதிர்பார்க்கத்தக்கதே. அதை வைத்துக்கொண்டு கமக்காரரின் வாயை அடைப்பதுதான் அநியாயம்.

வலுவைக் கூட்டினால் செலவு எப்படி ஏறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். இதே கணக்கில் 80 வீத வலுவுக்கு 18 மூடை, 90 வீதத்துக்கு 24, 95 வீதத்துக்கு 30. பயப்படும்படியான ஏற்றம் அல்ல. நம்மை உண்மையில் வதைப்பது மற்ற இரண்டு எண்களுந்தான். அரைக் கிலோவுக்குப் பதிலாகக் கால் கிலோக் குறைவைப் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், பாதியாக்கிய தூரத்துக்கு நான்கு மடங்கு மூடை வேண்டும்: 90. நியம விலகல் 0.8 இலிருந்து 1.6 ஆனாலும் அதே 90 தான். கூட்டத்தில் ‘ஒரு கிராம்கூட விடக்கூடாது’ என்று முழங்குகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, மூடை தூக்க அவரையே அழைக்கலாம்.

இருபத்து நான்கு என்று முடிவான பின், எந்த இருபத்து நான்கு என்பது அடுத்த கேள்வி. லொறியின் வாசல்புறத்தில் இருப்பவற்றை எடுத்தால், ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் நிரப்பிய மூடைகள் மட்டுமே அகப்படலாம். அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். 24 என்று எண்ணினாலும் அவற்றின் சாட்சி அவ்வளவு பெறாது. இறக்கும்போதே எடுப்பதுதான் வசதி. 480 மூடை வருகிறது என்றால் 24 ஆல் வகுக்க 20. ஒன்றிலிருந்து இருபது வரை துண்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் ஏழாவது மூடை, பிறகு 27, 47 என்று ஒவ்வொரு இருபதாவது மூடையையும் ஒதுக்கி வையுங்கள். ‘இது இளைத்திருக்கிறது, இதை நிறு’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதற்கு இடங்கொடுக்க வேண்டாம். கொக்கி பட்டுக் கிழிந்த மூடை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். அடுத்த கிழியாத மூடையை எடுப்பது என்று எழுதிவைத்தால், பின்னர் சண்டை இல்லை.

தராசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன கணக்கு எதனாலும் அதன் குறையைத் திருத்த முடியாது. தராசு 200 கிராம் குறைத்துக் காட்டுமானால், 24 மூடையை நிறுத்தாலும் 2400 மூடையை நிறுத்தாலும் சராசரி 200 கிராம் குறைந்தே நிற்கும். மூடைகளைக் கூட்டுவது தற்செயலான பிசகை மட்டுமே குறைக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்த பிசகை அப்படியே வைத்திருக்கும். ஆகவே முத்திரையிட்ட படிக்கற்களை வைத்து வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் தராசைச் சோதியுங்கள். வெறும் சாக்குகள் சிலவற்றை நிறுத்து, அவற்றின் சராசரியைக் கழித்தால்தான் நிகர நிறை கிடைக்கும். யூரியா ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், மழைக்காலத்தில் திறந்தோ கிழிந்தோ கிடந்த மூடையின் நிறை நம்பத்தக்கதல்ல. வந்த அன்றே நிறுப்பது நல்லது.

நிறுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 24 மூடையின் சராசரி நிகர நிறை 49.66 கிலோ, நியம விலகல் 0.74. நியம வழு 0.74 ஐ √24 ஆல் வகுக்க 0.151. 50 இலிருந்து குறைவு 0.34. இதை 0.151 ஆல் வகுத்தால் 2.25. ‘ரி’ அட்டவணையில் 23 சுயாதீனப் படிகளுக்கும் ஒருபக்க ஐந்து வீதத்துக்கும் உரிய எண் 1.714. நமது 2.25 அதைத் தாண்டிவிட்டதால், சராசரி 50 கிலோ என்ற கூற்றை நாம் ஏற்க முடியாது. ஆனால் இதைக் கொண்டு ‘மூடைக்கு அரைக் கிலோ களவு’ என்று எழுதிவிடக் கூடாது. 0.34 உடன் 1.714 × 0.151 ஐக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், உண்மைக் குறைவு 80 கிராமுக்கும் 600 கிராமுக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். வியாபாரியோடு பேசும்போது இந்த வீச்சையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. யார் குறைத்தார் என்பதையும் தராசு சொல்லாது. நிரப்பிய இடத்திலா, களஞ்சியத்திலா, வழியிலா என்பது தனி விசாரணை.

சராசரி 49.85 என்று வந்திருந்தால்? அப்போது 0.15 ஐ 0.151 ஆல் வகுக்க ஏறத்தாழ 1, கோட்டைத் தாண்டவில்லை. அதே முறையில் வீச்சுப் போட்டால் உண்மைச் சராசரி 49.59 க்கும் 50.11 க்கும் இடையில் வருகிறது. 49.5 அதற்கு வெளியே நிற்கிறது. ஆகவே, நாம் பொருட்படுத்துவதாகச் சொன்ன அரைக் கிலோக் குறைவு இந்தச் சரக்கில் இருக்க வாய்ப்புக் குறைவு என்று கமக்காரருக்குத் துணிந்து சொல்லலாம். அதே 49.85 ஐந்து மூடையில் கிடைத்திருந்தால் வீச்சு 49.1 இலிருந்து 50.6 வரை பரந்து கிடக்கும். அதைக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. போதிய எண்ணிக்கையை முன்கூட்டியே தீர்மானித்ததன் பயன், குறைவு பிடிபடாதபோதுதான் அதிகம் தெரிகிறது.

பத்து மூடை நிறுத்ததும் கணக்குப் பார்த்து, ‘இன்னும் அகப்படவில்லை, மேலும் ஐந்து நிறுப்போம்’ என்று தொடர்ந்து, அகப்பட்டதும் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒவ்வொரு தடவை எட்டிப் பார்ப்பதும் நேர்மையான வியாபாரி மேல் பழி விழுவதற்கு ஒரு புதிய சந்தர்ப்பம். நூற்றுக்கு ஐந்து என்று நாம் போட்ட கடிவாளம் இப்படிப் பல தடவை பார்ப்பதால் அறுந்துவிடும். 24 என்றால் 24 ஐயும் நிறுத்த பின்னரே கணக்கு.

சிறிய சரக்கு வரும் சங்கங்களுக்கு ஒரு சலுகை உண்டு. மொத்தமே 60 மூடைதான் என்றால், 24 ஐ நிறுப்பது அதில் பெரும் பங்கை நிறுப்பதாகும், அவ்வளவும் தேவையில்லை. 24 ஐ, 1 + 23/60 என்பதால் வகுத்தால் 17.3 வருகிறது, ஆகவே 18 மூடை போதும். 480 மூடைக்கு இதே கணக்கைப் போட்டால் 24 என்பது 23 ஆகக் குறையும். அந்த ஒரு மூடைக்காகக் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. பத்து, பன்னிரண்டு மூடை மட்டும் வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் தராசில் ஏற்றிவிடலாம். அங்கே சோதனையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம்.